பத்துக் குப்பி, இரண்டு பேர்

மலையோர ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இருப்பில் பாம்புக்கடி விஷமுறிவு மருந்து பத்துக் குப்பிதான். முதல் தவணைக்கே ஏறக்குறைய அவ்வளவும் வேண்டும். குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே!

ஒரே இரவில் ஒரு விவசாயியும் எட்டு வயதுச் சிறுமியும் வருகிறார்கள். குழந்தைக்குக் கொடுங்கள் என்றுதான் எல்லோர் மனமும் சொல்லும். மருத்துவர் இருவரிடமும் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, உலர்ந்த கண்ணாடிக் குழாய்களில் இருபது நிமிடம் அசைக்காமல் வைக்கிறார். சோப்பு போட்டுக் கழுவிய குழாயோ பிளாஸ்டிக் குழாயோ தப்பான முடிவைக் காட்டிவிடும்.

சாய்த்துப் பார்த்தால் சிறுமியின் ரத்தம் உறைந்திருக்கிறது. வீக்கமில்லை, இமை தொங்கவில்லை. விவசாயியின் ரத்தம் தண்ணீராய் ஓடுகிறது, ஈறிலும் கசிவு. விரியன் விஷம் ஏறியதன் அடையாளம் அது. பத்துக் குப்பியும் அவருக்கே.

சிறுமியின் தாயிடம் இதைச் சொல்வதுதான் கடினம். பாம்பு கடித்தாலும் பல நேரம் விஷம் ஏறுவதில்லை. ஆனாலும் கட்டுவிரியன் விஷம் தாமதமாகவும் வேலைசெய்யும் என்பதால், சிறுமியை 24 மணி நேரம் கண்காணிப்பில் வைத்து, மாவட்ட மருத்துவமனையிலிருந்து மருந்துக்கும் சொல்லியனுப்ப வேண்டும்.