யார் விதைக்கிறார், யார் சமைக்கிறார்?

“வணக்கம் மக்களே! ரொம்ப நாள் கனவு நிறைவேறப்போகுது. நானும் நம்ம சமையல் அக்காவும் சேர்ந்து ஒரு சூப்பர் கொலாப் பண்றோம். செம எக்சைட்டடா இருக்கோம். மிஸ் பண்ணிடாதீங்க!”

இப்படி ஓர் அறிவிப்பை எடுத்துக்கொள்வோம். மதுரையில் மாடித்தோட்ட வீடியோ போடும் ஒருவர், அதே ஊரில் சமையல் வீடியோ போடும் ஒரு பெண்மணியோடு சேர்ந்து இதை வெளியிடுகிறார். இருவருக்கும் சில ஆயிரம் பார்வையாளர்கள். அறிவிப்பில் மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால் யார் என்ன செய்யப்போகிறார், பார்ப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டும் இல்லை. சமையல் பக்கத்தைப் பார்ப்பவருக்குத் தோட்டக்காரரைத் தெரியாது, தோட்டத்தைப் பார்ப்பவருக்குச் சமையல்காரரைத் தெரியாது. முன்பின் தெரியாதவருக்காக யாரும் ஒரு தேதியைக் குறித்துவைத்துக் காத்திருக்க மாட்டார்கள்.

இன்ஸ்டாகிராமின் கொலாப் வசதியில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும. ஒருவர் பதிவை எழுதி மற்றவரை அழைக்கிறார். அவர் ஏற்றுக்கொண்டதும் அதே பதிவு இருவர் பக்கத்திலும் இருவர் பெயரிலும் தெரிகிறது. அப்போது “நான்” என்று எழுதியிருந்தால் அந்த நான் யார்? எழுதியவரின் ஆட்களுக்குப் புரியும், மற்றவரின் ஆட்களுக்குப் புரியாது. அதனால் கொலாப் பதிவில் இருவரையுமே பெயரிட்டு எழுதுவதுதான் சரி.

திருத்தி எழுத உட்காரும் முன் இருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: உங்கள் கையால் நடக்கும் வேலை எது? முடிவில் பார்ப்பவர் வீட்டில் என்ன இருக்கும்? தோட்டக்காரர், “மண் கலப்பேன், பொடி விதையை மணலோடு கலந்து தூவுவேன், பறிக்கும்வரை கவனிப்பேன்” என்கிறார். சமையல்காரர், “அந்தக் கீரையில் ஒரு கடைசல், ஒரு பொரியல்” என்கிறார். எந்தக் கீரை என்றால் சிறுகீரை. விதைத்துச் சுமார் 25 நாளில் பறிக்கலாம்.

இந்த 25 நாளில்தான் அறிவிப்பின் உயிரே இருக்கிறது. விதைக்கும் வீடியோவுக்கும் சமையல் வீடியோவுக்கும் நடுவே நான்கு வாரம் விட்டால், பார்ப்பவரும் கூடவே விதைத்துத் தன் தொட்டிக் கீரையையே சமைக்கலாம். அவருக்குக் கிடைக்கும் பலன் இதுதான். முதல் அறிவிப்பில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இருவருமே அதை யோசித்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். வேலையைப் பிரித்துக் கேட்டபோதுதான் அது வெளியே வந்தது.

திருத்திய அறிவிப்பு இது:

“உங்கள் மாடியில் விதைத்த சிறுகீரையை நான்கு வாரத்தில் நீங்களே கடைந்து சாப்பிடலாம்.
ஜனவரி 4, ஞாயிறு: மதுரை மாடித்தோட்டக்காரர் தன் பக்கத்தில் மண் கலந்து, விதைத்துக் காட்டுகிறார். அன்றே நீங்களும் விதையுங்கள்.
பிப்ரவரி 1, ஞாயிறு: அந்தத் தொட்டிக் கீரையைச் சமையல்காரர் தன் பக்கத்தில் கடைசலாகவும் பொரியலாகவும் செய்கிறார்.
செடியைப் பற்றிய சந்தேகத்தைத் தோட்டக்காரரிடம் கேளுங்கள், சமையல் சந்தேகத்தைச் சமையல்காரரிடம்.”

உண்மையான பதிவில் தோட்டக்காரர், சமையல்காரர் என்ற இடங்களில் அவரவர் பக்கப் பெயர் வரும். பலன் முதல் வரியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. போனில் ஓரிரு வரிக்குமேல் பதிவு மடிந்துவிடும், வணக்கத்திலேயே அந்த இடம் தீர்ந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஆள், ஒரு நாள், ஓர் இடம் இருக்கின்றன. “சேர்ந்து செய்கிறோம்” என்று எங்குமே வரவில்லை. கடைசி வரியை விட்டுவிட்டால், பூச்சி அரித்த இலையின் படம் சமையல்காரரிடம் போய் நிற்கும்.

ஒரே வாசகம் இரு கூட்டத்துக்கும் போதாது. தனித்தனியாகப் பதிவிடும்போது தேதிகளையும் வேலைகளையும் மாற்றாமல், முதல் வரியை மட்டும் மாற்றலாம். தோட்டத்தைப் பார்ப்பவர்கள் கீரை வளர்க்கத் தெரிந்தவர்கள், பறித்ததை என்ன செய்வது என்பதுதான் அவர்கள் கேள்வி. அவர்களுக்குக் கடைசலும் பொரியலும் முதலில் வரட்டும். சமையல் பக்கத்தவர்களுக்கு ஒரு தொட்டியும் ஒரு பிடி விதையும் போதும் என்பது முதலில் வரட்டும்.

விதையை ஒரு கடைக்காரர் இலவசமாகக் கொடுத்திருந்தால் அதையும் இதிலேயே சொல்லிவிட வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் வாங்காமல் பொருள் மட்டும் பெற்றிருந்தாலும் அந்தத் தொடர்பை வெளிப்படையாகக் காட்டியாக வேண்டும்.

வெளியிடும் முன், இருவரையும் அறியாத ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். பிறகு போனை வாங்கிக்கொண்டு, யார் என்ன செய்கிறார்கள், நீங்கள் எந்த நாளில் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். “ஏதோ கீரை வீடியோவாம்” என்று பதில் வந்தால் இன்னொரு முறை எழுத வேண்டியதுதான். “நாலாம் தேதிக்குள் விதை வாங்கணும்” என்று வந்தால் வெளியிடலாம்.