தலையில் புண்ணே இல்லை... முடியைத் தொட்டாலே எரிவது ஏன்?

சீப்பு பட்டாலே உச்சந்தலை வலிக்குது, கொண்டையை அவிழ்த்தால் எரியுது. ஆனால் புண், சிவப்பு, பொடுகு எதுவுமே இல்லை. இது பிரமை இல்லைங்க. மருத்துவத்தில் இதற்கு 'ட்ரைக்கோடைனியா' என்று பெயர்.

முடி கொட்டும் காலத்தில்தான் இது அதிகம் வரும். உதாரணமாக, 28 வயதுப் பெண்ணுக்கு அக்டோபரில் டெங்கு என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலின் தாக்கத்தில் ஏராளமான முடிகள் வளர்ச்சியை நிறுத்திவிடும். ஆனால் அவை உதிர 2, 3 மாதங்கள் ஆகும். அதனால் ஜனவரியில்தான் முடி கொத்தாகக் கொட்டும், கூடவே எரிச்சலும் வரும். காய்ச்சலையே மறந்துவிட்ட நாம் ஷாம்பூவைக் குறை சொல்வோம்.

முடிவேரைச் சுற்றியுள்ள நரம்பு முனைகள் தூண்டப்படுவதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. மன அழுத்தமும் வலியைக் கூட்டலாம்.

தோல் டாக்டர் சுமார் 60 முடிகளைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்ப்பார். ஆறுக்கு மேல் கையோடு வந்தால், உதிர்வு இன்னும் நடக்கிறது என்று அர்த்தம். இரும்புச்சத்து, தைராய்டு அளவுகளையும் பார்ப்பார். காய்ச்சலால் வந்த உதிர்வு பெரும்பாலும் 6 மாதங்களுக்குள் அடங்கிவிடும்.

எரிச்சல் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், அக்கியாக இருக்கலாம். அதில் கொப்புளம் சில நாள் கழித்துத்தான் தெரியும்.

50 வயதைத் தாண்டிய அப்பா, அம்மாவுக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் வந்தால் தாமதிக்காதீங்க. அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பார்வையே போய்விடும் ஆபத்து உண்டு. அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்க.