மரபணுவைப் படித்தார்கள் சரி, மாத்திரையை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்?

2006-இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அரசு அலுவலகம் ஒரு குறும்பான சோதனை நடத்தியது. மரபணுவைப் பார்த்து ஊட்டச்சத்து ஆலோசனை சொல்வதாக விளம்பரம் செய்த நான்கு இணையதளங்களுக்கு 14 மாதிரிகளை அனுப்பியது. அவற்றில் 12 ஒரே பெண் குழந்தையிடமிருந்து எடுத்தவை. மீதி இரண்டு ஒரே ஆணுடையவை. ஆனால் கூடவே போன கேள்வித்தாள்களில் வெவ்வேறு வயது, எடை, பழக்கவழக்கம் கொண்ட 14 பெரியவர்களைக் கற்பனையாக உருவாக்கி எழுதியிருந்தார்கள்.

ஒரே குழந்தையின் மரபணு என்பதால் அறிவுரையும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. கேள்வித்தாளில் என்ன எழுதியிருந்ததோ அதற்கேற்ப அறிவுரை மாறியது. புகைப்பவர் என்று எழுதியவருக்குப் புகையை நிறுத்தச் சொன்னார்கள். இதைச் சொல்ல மரபணு எதற்கு? ஒரு தளம் 'உங்கள் மரபணுவுக்கென்றே' பரிந்துரைத்த வைட்டமின்களின் விலை ஆண்டுக்கு 1,200 டாலருக்கு மேல். கிட்டத்தட்ட அதே சத்துகள் கடையில் சுமார் 35 டாலருக்குக் கிடைத்தன.

இன்றைக்கு ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியைத் தேய்த்து அனுப்பினால், கேட்ட இடத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சரியாகவே படித்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கே இல்லை. எழுத்திலிருந்து மாத்திரைக்குத் தாவும் இடத்தில்தான் இருக்கிறது.

இந்த அறிக்கைகளில் அடிக்கடி தலைகாட்டும் எம்டிஹெச்எஃப்ஆர் மரபணுவையே எடுத்துக்கொள்வோம். ஃபோலேட் என்ற பி வைட்டமினை உடல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுகிற நொதியை இது உருவாக்குகிறது. இதில் 677 என்று எண்ணிட்ட இடத்தில் சிலருக்கு சி என்ற எழுத்தும் சிலருக்கு டி என்ற எழுத்தும் இருக்கும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் டி வந்திருந்தால் நொதியின் வேகம் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். இதுவரை அறிவியல் சரி.

அடுத்த வரியில் அறிக்கை, "சாதாரண ஃபோலிக் அமிலம் உங்கள் உடலுக்கு ஒத்துவராது, மெத்தில்ஃபோலேட் வாங்குங்கள்" என்று போடும். இது தப்பு. இரண்டு டி உள்ளவருக்கும் இரண்டு சி உள்ளவருக்கும் ஒரே அளவு ஃபோலிக் அமிலம் கொடுத்தால், முதலாமவரின் ரத்தத்தில் ஃபோலேட் சுமார் 16 சதவீதம்தான் குறைவாக இருக்கும். நொதி மெதுவாக ஓடினாலும் உடல் சமாளித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு இந்தத் தப்பு ஆபத்தாகவே முடியலாம். குழந்தையின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்கும் என்று மருத்துவ ஆய்வுகளில் நிரூபணமானது ஃபோலிக் அமிலம்தான். நாளுக்கு 400 மைக்ரோகிராம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே. மெத்தில்ஃபோலேட்டுக்கு அப்படிப்பட்ட நிரூபணம் இல்லை. அறிக்கையை நம்பி மாறுகிற பெண், அதிகப் பணம் கொடுத்து நிரூபணமானதைக் கைவிடுகிறாள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பால், தயிர்கூட அதிகம் சேர்த்துக்கொள்ளாத சுத்த சைவர் ஒருவர் ஓயாத அசதி என்று இந்தப் பரிசோதனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கை ஃபோலேட்டைக் கூட்டச் சொல்கிறது. அவருக்கு உண்மையில் குறைந்திருப்பது பி12. ஃபோலிக் அமிலத்தை நிறையச் சாப்பிட்டால் ரத்தசோகை சரியாகி, ஹீமோகுளோபின் ஏறிவிடும். ஆனால் பி12 குறைவால் நரம்புகளுக்கு ஏற்படும் சேதம் சத்தமில்லாமல் தொடரும். பாதத்தில் மரத்துப்போகும் உணர்வு வரும்போதுதான் தெரியவரும். எச்சிலில் படித்த மரபணு இதைக் காட்டிக்கொடுக்காது. ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிறந்த அன்றைய மரபணுதான் இன்றும் இருக்கிறது. போன வருடம் சாப்பாடு மாறியதும், இரைப்பை அமிலத்துக்கு மாத்திரை எடுப்பதும், வெயிலே படாமல் அலுவலகத்துக்குள் இருப்பதும் அதில் எழுதப்படுவதில்லை. சத்துக் குறைபாடு பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வருகிறது.

ஆகவே அப்படியொரு பொட்டலம் கைக்கு வந்தால் அறிக்கையை இப்படிப் படித்துப் பாருங்கள்: எந்த மரபணு, எந்த இடம் என்று குறிப்பிட்டிருக்கிறதா? அந்த எழுத்து இருப்பவருக்கு மாத்திரை கொடுத்து நோய் குறைந்ததாக ஆய்வு உண்டா, அல்லது ரத்தத்தில் ஏதோ ஓர் அளவு மாறியது மட்டும்தானா? கேள்வித்தாளில் நீங்கள் தந்த பதிலை மாற்றியிருந்தால் பொட்டலமும் மாறியிருக்குமா? மாறியிருக்கும் என்றால், மரபணுவுக்கு அங்கே வேலையே இல்லை.

மரபணு உருப்படியாகப் பேசும் இடங்களும் இருக்கின்றன. ஹெச்எஃப்இ என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இரட்டையாக இருந்தால் உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரலாம். வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் இது அதிகம். அப்படிப்பட்டவர் இரும்புச் சத்து மாத்திரையைத் தவிர்ப்பதே நல்லது. அங்கும் மருத்துவர் மரபணு அறிக்கையோடு நிறுத்துவதில்லை. மாற்றம் இருந்தும் நோயே வராதவர்கள் ஏராளம் என்பதால், ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்த்த பிறகுதான் முடிவெடுக்கிறார்.