உங்க கோலம் வீடியோவை யார் தேடுறாங்க? டைட்டில் வைக்கும் முன் ஒரு டெஸ்ட்!

மூணு மணி நேரம் குனிஞ்சு கோலம் போட்டு, எடிட் பண்ணி, ‘எங்க வாசல் பொங்கல் வண்ணங்கள்’னு டைட்டில் வெச்சு அப்லோடு பண்றீங்க. கோலம் அழகுதான். ஆனா, அந்த வார்த்தைகளை யூடியூபில் யார் டைப் பண்ணித் தேடுவாங்க?

மக்கள் எதைத் தேடுறாங்கன்னு யூடியூபின் சர்ச் பாக்ஸே சொல்லும். லாகின் செய்யாமல், பிரவுசரின் இன்காக்னிட்டோவில் யூடியூபைத் திறங்க. இல்லைன்னா, நீங்க ஏற்கெனவே தேடினதையே அது திருப்பிக் காட்டும். இப்போ pongal kolam என்று அடிச்சு, என்டர் தட்டாமல் நிறுத்துங்க. கீழே விழும் வரிகள் மற்றவர்கள் தேடுபவை. with dots, easy, 7 pulli மாதிரி வார்த்தைகள் வந்தா, அதுதான் உங்களுக்கான தகவல். தேடுறவங்களுக்கு ‘வண்ணங்கள்’ முக்கியமில்லை. எத்தனை புள்ளி, நம்மால போட முடியுமாங்கிறதுதான் கேள்வி. ‘பொங்கல் கோலம்’னு தமிழிலும் அடிச்சுப் பாருங்க, பட்டியல் மாறலாம்.

ஆனா, எந்த வரியை எத்தனை பேர் தேடுறாங்கன்னு அந்தப் பட்டியல் சொல்லாது. அதுக்கு கூகுள் ட்ரெண்ட்ஸ் போங்க. அங்கே Web Search என்று இருப்பதை YouTube Search என மாத்துங்க. இடம் இந்தியா, காலம் 5 வருஷம். pongal kolam, pulli kolam ரெண்டையும் ஒப்பிடுங்க. பண்டிகை வார்த்தைன்னா ஒவ்வொரு ஜனவரியிலும் கோடு மலை மாதிரி ஏறி, பொங்கல் முடிஞ்சதும் சரியும். வருஷம் முழுக்கத் தேடப்படும் வார்த்தையின் கோடு அவ்வளவு ஆடாது. முதல் வகைன்னா டிசம்பர் கடைசியிலேயே வீடியோ ரெடியா இருக்கணும். ரெண்டாவதை எப்போ வேணும்னாலும் போடலாம்.

இங்கேதான் பலரும் ஏமாறுவாங்க. ட்ரெண்ட்ஸ் காட்டும் 100 என்பது நூறு பேர் இல்லை. அந்தக் காலத்தில் தேடல் உச்சத்தில் இருந்த புள்ளி, அவ்வளவுதான். 50 என்றால் அதில் பாதி. நீளமான வாக்கியத்துக்கு ‘போதிய டேட்டா இல்லை’ன்னு வந்தா, யாருமே தேடலைன்னு அர்த்தமில்லை. வாக்கியத்தைச் சுருக்கிப் பாருங்க.

கடைசியா, தேர்ந்தெடுத்த வரியை நீங்களே தேடி, முதல் அஞ்சு வீடியோவைப் பாருங்க. ஃபாஸ்ட் ஃபார்வர்டில் புள்ளியே தெரியாம ஓடுதா? அப்போ புள்ளி வைக்கிறதை நிதானமா காட்டும் வீடியோவுக்கு இடம் இருக்கு. ‘7 புள்ளி பொங்கல் பானை கோலம்’னு டைட்டில் வெச்சு, முதல் சில நொடிகளிலேயே புள்ளி வைக்க ஆரம்பிங்க.

ரெண்டு வாரம் கழிச்சு யூடியூப் ஸ்டுடியோ அனலிட்டிக்ஸில், ட்ராஃபிக் சோர்ஸில் இருக்கும் YouTube search-ஐத் தட்டுங்க. எந்த வார்த்தையை அடிச்சு உங்ககிட்ட வந்தாங்கன்னு தெரியும். அங்கே ‘9 புள்ளி’ எட்டிப் பார்த்தா, அடுத்த வீடியோவுக்கான டாபிக் ரெடி!