பிறந்த குழந்தையின் முதல் நிமிடம்

கருப்பையில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் காற்றறியாதது. அதில் நிறைந்திருப்பது திரவம். குழந்தைக்கு வேண்டிய ஆக்சிஜனை நஞ்சுக்கொடியே ஊட்டிவிடுகிறது. வெளியே வந்ததும் இழுக்கும் முதல் சில மூச்சுகள் அந்தத் திரவத்தைச் சுற்றியுள்ள திசுக்களுக்குள் தள்ளி, அந்த இடத்தில் காற்றை நிரப்புகின்றன. பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாமாகவே செய்து அழுதுவிடுகின்றன. நூற்றில் பத்துக் குழந்தைகளைத் துடைத்துத் தேய்த்துவிட வேண்டியிருக்கிறது. நூற்றில் சுமார் ஐந்து குழந்தைகளுக்கு நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தினால்தான் மூச்சு வருகிறது. பிரசவம் பார்க்கப் பயிலும் செவிலிய மாணவிகள் கற்கும் முதலுதவி இந்த ஐந்து பேருக்கானது.

இதற்கான முறையை அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2010-இல் வசதி குறைந்த பிரசவ அறைகளை மனத்தில் வைத்து வகுத்தது. இந்தியாவில் 2009-இல் தொடங்கிய ‘நவ்ஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம்’ பயிற்சியின் சாரமும் இதுதான். ஒரு நிமிடத்துக்குள் குழந்தை தானாக மூச்சுவிட வேண்டும், இல்லையென்றால் அதற்குள் காற்று செலுத்தத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த நிமிடத்துக்குப் பயிற்சியாளர்கள் வைத்த பெயர் ‘பொன் நிமிடம்’.

ஒரு நிமிடம் என்று கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆக்சிஜன் குறையும்போது குழந்தை முதலில் வேகமாக மூச்சுவிடும், பிறகு நிறுத்திவிடும். இந்தக் கட்டத்தில் முதுகைத் தேய்த்தாலே மூச்சு திரும்பலாம். அதையும் தாண்டிப்போனால் இடைவிட்டு இடைவிட்டுத் திணறும், பின் மறுபடியும் அடங்கிவிடும். இந்த இரண்டாவது கட்டத்தில் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை, காற்று மட்டுமே காப்பாற்றும். குழந்தை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே தேய்ப்பதைச் சில நொடிகளோடு நிறுத்திவிட்டு ஆம்பு பேக்கை எடுக்க வேண்டும். கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, அடிப்பது, குளிர்ந்த நீரைத் தெளிப்பது ஆகியவை பொன் நிமிடத்தை வீணடிப்பதோடு குழந்தைக்குக் கேடும் செய்யும். திணறல் மூச்சை மூச்சாக எண்ணிக் காத்திருப்பதும் அதே அளவு ஆபத்தானது.

வேலை பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அறையில் 25 டிகிரி வெப்பமாவது இருக்க வேண்டும், மின்விசிறியை நிறுத்தி ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டும். உலர்ந்த துணிகள் இரண்டு, கையுறை, தொப்புள்கொடி கட்டும் கிளிப், கத்தரி, சளி உறிஞ்சும் குழாய், கடிகாரம், ஆம்பு பேக், மாஸ்க் எல்லாம் எட்டும் தூரத்தில் வேண்டும். பேக்கைச் சோதிப்பது எளிது. மாஸ்க்கை உள்ளங்கையில் அழுத்தி வைத்துப் பையை அமுக்கினால் கையில் அழுத்தம் தெரிய வேண்டும், இன்னும் அமுக்கினால் வால்வு திறந்து காற்று சீறி வெளியேற வேண்டும். இரண்டும் நடக்காத பேக் பழுதானது. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம் குழந்தை பிறந்த பிறகு அல்ல.

குழந்தை வெளியே வந்ததும் தாயின் வயிற்றின் மேல் போட்டு, தலை முதல் கால் வரை துணியால் துடைக்க வேண்டும். ஈரத் துணியை எடுத்துவிட்டு உலர்ந்த துணியால் போர்த்த வேண்டும். அழுதால் அங்கேயே தாயின் தோலோடு தோலாக விட்டு, ஒரு நிமிடமாவது கழிந்த பிறகே தொப்புள்கொடியைக் கட்டுவார்கள். அழாவிட்டால் தலையைச் சரியான நிலையில் வைப்பதே அடுத்த வேலை. முகவாய் நெஞ்சில் இடிக்கும்படி குனிந்திருந்தாலும், தலை பின்னால் அளவுக்கு மீறிச் சாய்ந்தாலும் மூச்சுக்குழாய் அடைபடும். முகம் நேர்மேலே பார்க்க, கழுத்து இலேசாக நிமிர்ந்திருப்பதே சரி. வாயிலோ மூக்கிலோ திரவம் அடைத்திருந்தால் மட்டும் உறிஞ்ச வேண்டும். முதலில் வாய், பிறகு மூக்கு. மூக்கைத் தொட்டதும் குழந்தை மூச்சை இழுக்கும், அப்போது வாயில் இருப்பது உள்ளே போய்விடும் என்பதால்தான் இந்த வரிசை. பிறகு முதுகை இரண்டு மூன்று முறை தேய்த்துப் பார்க்க வேண்டும். அப்போதும் மூச்சில்லையென்றால் கொடியைக் கட்டி அறுத்து, சமமான மேசைக்குக் கொண்டுபோய்க் காற்று செலுத்த வேண்டும்.

மாணவிகள் பெரும்பாலும் தவறுவது மாஸ்க் பிடிப்பதில்தான். மாஸ்க் முகவாய் நுனியிலிருந்து மூக்கின் மேல்பகுதி வரை மூட வேண்டும், கண்களை அழுத்தக் கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வளைந்திருக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைப் பிடித்து மாஸ்க்கை நோக்கித் தூக்க வேண்டும். அந்த மூன்று விரல்களும் எலும்பை விட்டு நழுவி முகவாய்க்குக் கீழுள்ள மெதுவான சதையில் பதிந்தால் நாக்கு மேலே தள்ளப்பட்டு வழி அடைபடும். மாஸ்க்கை மேலிருந்து அழுத்தினால் தலை குனிந்துவிடும். பையை எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் குழந்தையின் நெஞ்சுதான், அது மெல்ல எழுவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

இவற்றைப் பழக ‘நியோநடாலி’ போன்ற மாதிரிக் குழந்தைகள் இருக்கின்றன. உள்ளே தண்ணீர் நிரப்பினால் கைக்குழந்தையின் கனம் வந்துவிடும். தலை சரியாக இருந்து, மாஸ்க் கசியாமல் பொருந்தினால்தான் அதன் நெஞ்சு எழும். முதல் பயிற்சி மாஸ்க் பிடிப்பது மட்டும். ஐந்து முறை தொடர்ந்து நெஞ்சு எழும்வரை வேறு எதற்கும் போகக் கூடாது. இரண்டாவது பயிற்சி தாளம். ‘அமுக்கு, விடு, விடு’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அமுக்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. பயந்த கை வேகமாகிவிடும் என்பதால் தோழி ஒருத்தி கடிகாரம் பார்த்து எண்ண வேண்டும். மூன்றாவது, முழு நிகழ்வையும் நடித்துப் பார்ப்பது.

அதில் ஒரு நிகழ்வு இப்படிப் போகும். நிறைமாதக் குழந்தை, அழவில்லை, துவண்டு கிடக்கிறது. மாணவி துடைத்து முடிக்கும்போது 20 நொடி. தலையைச் சரிசெய்து, வாயில் திரவம் இல்லை என்று பார்த்து, முதுகைத் தேய்க்கும்போது 30. மூச்சில்லை. கொடியை அறுத்து மேசைக்கு வரும்போது 50. முதல் மூச்சு 58-ஆவது நொடியில் கொடுக்கப்படுகிறது, ஆனால் நெஞ்சு எழவில்லை. மாஸ்க்கை எடுத்து மறுபடி வைக்கிறாள், தலையைத் திருத்துகிறாள், எழவில்லை. வாயைத் திறந்து பார்த்தால் சளி. உறிஞ்சிவிட்டு, வாய் சற்றே திறந்திருக்கும்படி மாஸ்க்கைப் பொருத்தி, கொஞ்சம் பலமாக அமுக்குகிறாள். நெஞ்சு எழுகிறது.

ஒரு நிமிடம் காற்று கொடுத்த பிறகு இதயத் துடிப்பை 6 நொடி எண்ணிப் பத்தால் பெருக்குகிறாள். எட்டுத் துடிப்பு, அதாவது நிமிடத்துக்கு 80. நூறுக்குக் குறைவு என்பதால் நிறுத்தாமல் தொடர்கிறாள். அடுத்த எண்ணிக்கையில் 12 துடிப்பு, அதாவது 120. குழந்தையும் தானாக மூச்சுவிடத் தொடங்குகிறது. இனி அதைத் தாயிடம் தந்து, மூச்சையும் நிறத்தையும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். நெஞ்சு நன்றாக எழுந்தும் துடிப்பு 60-ஐத் தாண்டவில்லையென்றால் நெஞ்சை அழுத்தும் சிகிச்சையும் இன்னும் இரண்டு தேர்ந்த கைகளும் வேண்டும். உதவிக்கு ஆளைக் கூப்பிடுவதோ முதல் மூச்சு கொடுக்கும்போதே நடந்திருக்க வேண்டும்.

இந்தக் கைப்பழக்கம் சில மாதங்களில் மங்கிவிடும். ஆண்டுக்கொருமுறை நாள் முழுக்க நடக்கும் வகுப்பைவிட, பணி தொடங்கும் முன் பொம்மையோடு செலவிடும் ஐந்து நிமிடம் அதைக் காப்பாற்றும். பொம்மையைப் பூட்டி வைத்திருக்கும் பிரசவ அறைகள் அலமாரிச் சாவியைச் செவிலியரிடம் கொடுத்துவிட வேண்டும்.