ராத்திரி கடந்த டாலருக்கு எவ்வளவு வட்டி?

நகையை அடகு வைத்தவர்கள் தவணை வந்ததும் என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். கையில் முழுப் பணம் இருக்காது. வட்டியை மட்டும் கட்டிவிட்டு, அதே நகையைப் புதுச் சீட்டில் மாற்றி வைத்துவிட்டு வருவார்கள். நகை அங்கேயேதான் இருக்கிறது, கடனும் அப்படியே இருக்கிறது. மாறியது தேதியும், கையை விட்டுப் போன வட்டியும்தான்.

கடன் வாங்கி வெளிநாட்டு நாணயத்தை வாங்கி வைத்திருப்பவர்கள் இதையே ஒவ்வொரு நாள் இரவும் செய்கிறார்கள். அதற்கு ரோல்ஓவர் என்று பெயர். நகைக்கடனோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே சிலருக்கு வட்டி போகும், சிலருக்கு வட்டி வரும். வருகிற வட்டி இனிப்பாக இருப்பதால்தான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள். இதை ஜப்பானை வைத்துப் பார்ப்பதே நல்லது. சாதாரணக் குடும்பத்தினர் இந்த வியாபாரத்தில் அந்த அளவுக்கு இறங்கிய நாடுகள் குறைவு.

1998இல் ஜப்பான் தன் அந்நியச் செலாவணிச் சட்டத்தைத் தளர்த்தியது. அதன்பின் தனிநபர்கள் புரோக்கரிடம் மார்ஜின் கட்டி டாலர், ஆஸ்திரேலிய டாலர், துருக்கி லிரா என்று வாங்கத் தொடங்கினார்கள். உள்ளூர் வங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத காலம் அது. இந்தச் சிறு முதலீட்டாளர்களுக்கு உலகச் சந்தை வைத்த செல்லப்பெயர் ‘மிசஸ் வாட்டனபே’. 2011 முதல் ஜப்பானில் தனிநபர் ஒருவர் கட்டிய பணத்தைப் போல 25 மடங்குக்குமேல் வாங்க முடியாது. அதாவது, வாங்கும் மதிப்பில் குறைந்தது 4 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும்.

2024 மார்ச் 1ஆம் தேதிக்குப் போவோம். ஒரு டாலர் சுமார் 150 யென். கணக்குக்காக ஒசாகாவில் ஓர் அலுவலக ஊழியரை வைத்துக்கொள்வோம். அவர் 2 லட்சம் யென் கட்டி 10,000 டாலர் வாங்குகிறார். அந்த டாலரின் மதிப்பு 15 லட்சம் யென். தன் பணத்தைப் போல ஏழரை மடங்கு. அவர் செய்தது என்னவென்றால், 15 லட்சம் யென்னைக் கடனாக எடுத்து, அதை டாலராக மாற்றி வைத்திருப்பதுதான். யென் கடனுக்கு வட்டி 0.1 சதவீதத்தைச் சுற்றி. டாலர் வைப்புக்கு வட்டி 5.3 சதவீதத்தைச் சுற்றி. இடைவெளி 5.2 சதவீதம்.

இந்த 5.2 சதவீதம், அவர் கட்டிய 2 லட்சத்துக்குக் கணக்கிடப்படுவதில்லை. முழு 15 லட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. ஒரு நாளைக்கு சுமார் 214 யென் வருகிறது. புரோக்கர் தன் பங்கை எடுத்துக்கொண்டு 200 யென் கொடுக்கிறார் என்று வைப்போம். எதிர்ப்பக்கம் நிற்பவரிடம், அதாவது டாலரை விற்று வைத்திருப்பவரிடம், அதே புரோக்கர் நாளுக்கு 230 யென் வாங்குவார். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே தொகையாக இருக்காது. ஆகவே இரண்டு பக்கத் தொகையையும் சேர்த்துப் பார்க்காமல் எந்தப் புரோக்கரையும் மலிவு என்று சொல்லிவிடக் கூடாது.

இந்தப் பணம் எப்படி, எப்போது ஏறுகிறது? டாலருக்கும் யென்னுக்கும் நடக்கும் வியாபாரத்தில் பணம் கைமாறுவது இரண்டு வேலைநாள் கழித்து. உண்மையில் டாலரைக் கையில் வாங்கிக்கொள்ள இந்த ஊழியருக்கு எண்ணமில்லை. அதனால் நியூயார்க் நேரம் மாலை 5 மணிக்கு, புரோக்கர் அவருடைய தேதியை ஒரு நாள் தள்ளி வைக்கிறார். நெருங்கி வந்த தேதிக்கு டாலரை விற்று, அடுத்த தேதிக்குத் திரும்ப வாங்குவதுபோல ஒரு மாற்று. டாலருக்கு வட்டி அதிகம் என்பதால், அடுத்த தேதிக்கான டாலர் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். அந்தக் கொஞ்சம்தான் கணக்கில் ‘ஸ்வாப்’ என்ற பெயரில் ஏறுவது. ஒரு டாலருக்கு நாளொன்றுக்கு 0.02 யென்.

புதன்கிழமை மாலையைத் தாண்டினால் மூன்று நாள் ஸ்வாப் ஒரே தடவையில் ஏறும். புதன் வியாபாரத்துக்குப் பணம் கைமாறும் நாள் வெள்ளி. அதை ஒரு வேலைநாள் தள்ளினால் திங்கள் வருகிறது. நடுவில் சனி, ஞாயிறு. வாரத்தில் ஒரு நாள் மட்டும் மூன்று மடங்கு ஏறுவதைப் பார்த்து, ‘புதன் மாலை வாங்கி வியாழன் காலை விற்றால் என்ன?’ என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று நாளைக்கு வருவது டாலருக்கு 0.06 யென். டாலரின் விலை அதைவிடப் பல மடங்கு ஒரே ராத்திரியில் அசைந்துவிடும். அந்த நேரத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியும் வழக்கமாக அகன்றுவிடும்.

நம் ஊழியருக்கு மாதங்கள் நன்றாகத்தான் போகின்றன. ஜூலை 10ஆம் தேதி டாலர் 161 யென்னைத் தாண்டுகிறது. விலையில் மட்டும் 1,10,000 யென் லாபம். 131 நாள் ஸ்வாப் 26,200 யென். போட்ட பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிட்டது. இங்கே ஒரு நிமிடம் எதிர்ப்பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவருடைய கதையைத்தான் பலரும் சொல்வதில்லை.

அவரும் அதே நாளில், அதே 150 யென்னில், அதே 2 லட்சம் கட்டி, 10,000 டாலரை விற்றிருக்கிறார். டாலர் இறங்கும் என்பது அவர் கணிப்பு. கணிப்பு கடைசியில் பலித்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி டாலர் 143க்கும் கீழே போனது. ஆனால் ஜூலை 10 அன்று அவர் நிலைமை என்ன? விலையில் 1,10,000 யென் நஷ்டம். மீதி 90,000. அன்றைய மதிப்பில் 4 சதவீத மார்ஜின் 64,400 யென். வட்டி என்ற ஒன்று இல்லாதிருந்தால் அவர் தாக்குப்பிடித்திருப்பார். 131 நாளைக்கு 230 வீதம் 30,130 யென் அவர் கணக்கிலிருந்து போயிருந்தது. கையில் இருப்பது 59,870 மட்டும். மார்ஜினுக்குக் கீழே வந்துவிட்டார். கூடுதல் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பொசிஷன் மூடப்படும். உச்சத்தில் மூடப்பட்டவருக்கு, பின்னால் விலை எங்கே போனால் என்ன? திசையைச் சரியாகக் கணித்தவரை வெளியே தள்ளியது தினமும் சொட்டிய 230 யென்தான்.

இனி முதலாமவருக்குத் திரும்புவோம். ஜூலையில் ஜப்பான் அரசு யென்னைத் தாங்கிப் பிடிக்க டாலரை விற்றது. ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி தன் வட்டியை 0.25 சதவீதமாக உயர்த்தியது. அந்த உயர்வால் நம் ஊழியரின் ஸ்வாப் எவ்வளவு குறையும்? 15 லட்சத்துக்கு 0.15 சதவீதம் என்றால் நாளுக்கு ஆறு யென். வெறும் ஆறு யென்! அதற்காக யாராவது ஓடுவார்களா?

ஓடினார்கள். ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவில் வேலைவாய்ப்புக் கணக்கு பலவீனமாக வந்தது. அமெரிக்க வட்டி இறங்கும், ஜப்பான் வட்டி ஏறும், இடைவெளி சுருங்கும் என்ற எண்ணம் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் வந்தது. எல்லோருமே ஒரே பக்கம் நின்றவர்கள். யென்னைக் கடன் வாங்கியவர்கள். கடனை அடைக்க எல்லோரும் யென் வாங்க, யென் ஏறியது. ஏறியதால் இன்னும் பலருடைய மார்ஜின் கரைந்து, அவர்களும் வாங்க வேண்டியதாயிற்று. ஜூலை 31 முடிவில் 150 யென் அளவில் இருந்த டாலர், ஆகஸ்ட் 5 திங்களன்று 142ஐத் தொட்டது. அன்று ஜப்பானின் நிக்கெய் பங்குக் குறியீடு 12.4 சதவீதம் விழுந்தது. வேலைநாள் கணக்கில் மூன்றே நாளில் எட்டு யென். நாளுக்கு 0.02 யென் என்று சேர்த்தால், அந்த எட்டு யென்னைச் சம்பாதிக்க 400 நாள் ஆகும்.

அவர் பயந்துபோய் 143இல் விற்றுவிட்டார் என்று வைப்போம். விலையில் 70,000 யென் நஷ்டம். 157 நாள் ஸ்வாப்பில் வந்தது 31,400. ஆக நிகர நஷ்டம் 38,600 யென். வட்டியை மட்டும் தனியாகப் பார்த்தால் ஐந்து மாதத்தில் 2 லட்சத்துக்கு 15.7 சதவீதம் வருமானம். விளம்பரங்களில் வருவது இந்த எண்தான். அதே ஐந்து மாதத்தில் முதல் 19.3 சதவீதம் குறைந்தது என்பதும் உண்மை. கடன் வாங்கிய பெருக்கம் வட்டியை மட்டும் ஏழரை மடங்காக்கி, நஷ்டத்தை விட்டுவைப்பதில்லை.

என் கருத்தில், ஸ்வாப்பைப் பார்க்க ஒரே நேர்மையான வழி அதை விலையாக மாற்றிப் பார்ப்பதுதான். 31,400 யென்னை 10,000 டாலரால் வகுத்தால் டாலருக்கு 3.14 யென். அவருடைய உண்மையான கொள்விலை 150 இல்லை, 146.86. டாலர் அதற்குமேல் இருக்கும்வரை லாபம், கீழே போனால் நஷ்டம். விற்றவருக்கோ அந்தக் கோடு தினமும் கீழே நகர்ந்து, 157ஆம் நாளில் 146.39க்கு வந்து நிற்கிறது. அவருக்கு டாலர் விலை அசையாமல் நின்றாலே நஷ்டம்.

கோடு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது வட்டியைப் பொறுத்தது. நாணயத்தின் விலை அதைவிட வேகமாக நகர்ந்தால் பெரிய வட்டியும் காப்பாற்றாது. துருக்கி மத்திய வங்கி 2024 மார்ச்சில் தன் வட்டியை 50 சதவீதமாக்கியது. ஆனால் 2015இன் தொடக்கத்தில் சுமார் 50 யென்னுக்கு விற்ற ஒரு லிரா, 2024இல் ஐந்து யென்னுக்கும் கீழே கிடந்தது. பணவீக்கம் அதிகமான நாட்டில்தான் வட்டியும் அதிகம். அந்த வட்டியில் பெரும்பகுதி, நாணயம் தேய்வதற்கான ஈடு.

நம் ஊர்க் கைப்பேசிகளிலும் இப்போது இந்த விளம்பரங்கள் வருகின்றன. இந்தியாவில் வசிப்பவர்கள் இப்படி டாலருக்கு எதிராக யென்னை வெளிநாட்டுச் செயலிகளில் மார்ஜின் கட்டி வியாபாரம் செய்ய அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அனுமதிக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற பங்குச்சந்தைகளில் நடக்கும் நாணய ஒப்பந்தங்களில்கூட, 2024 மே முதல் உண்மையான அந்நியச் செலாவணித் தேவை இருப்பவர்களே இறங்கலாம். அனுமதியில்லாத தளங்களின் பெயர்ப் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வெளியிட்டுப் புதுப்பித்து வருகிறது. யாராவது ‘தினமும் வட்டி வரும்’ என்று சொல்லிப் பணம் கட்டச் சொன்னால், முதலில் அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே அனுமதி பெற்றவர் ஆகிவிடமாட்டார் என்றும் ரிசர்வ் வங்கியே அதில் சொல்லியிருக்கிறது.