குறுக்கும் நெடுக்குமாக ஒரு கடிதம்
இங்கிலாந்து, 1840க்கு முன்

அன்று தபால் கட்டணம் தாள்களின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவரே அதைச் செலுத்தினார். இரண்டாவது தாள் சேர்த்தால் கட்டணம் இரட்டிப்பாகும். தனி உறையும் ஒரு தாளாகவே கணக்கிடப்பட்டது. அதனால் ஒரே தாளை மடித்து நான்கு பக்கமாக்கி, கடைசிப் பக்கத்தில் முகவரிக்கு இடம் விட்டு எழுதினார்கள். இடம் தீர்ந்ததும் முதல் பக்கத்துக்கே திரும்பி, தாளைப் பக்கவாட்டில் திருப்பி, பழைய வரிகளின் மேலேயே தொடர்ந்தார்கள்.

எப்படி வாசிப்பது?

தேதியும் விளிப்பும் நேராகத் தெரியும்படி தாளைப் பிடியுங்கள். அதுவே முதல் அடுக்கு. முதலில் எல்லாப் பக்கங்களிலும் அந்த அடுக்கை மட்டும் வாசித்து முடியுங்கள். பிறகு தாளைக் கால் வட்டம் திருப்பி, முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். ஒரு வரி மட்டும் தெரியும் அளவு நீளத் துளையிட்ட அட்டையை மேலே வைத்தால், குறுக்கே ஓடும் எழுத்துகள் துண்டு துண்டாகி, கண்ணை இழுக்காது. ஒரு பக்கத்தின் கடைசி வாக்கியம் அடுத்த பக்கத்தோடு பொருந்தவில்லை என்றால், அடுக்கு மாறிவிட்டீர்கள். கையொப்பத்தைப் பெரும்பாலும் குறுக்கு வரிகளின் முடிவிலோ ஓரத்திலோ தேடுங்கள்.

1840இல் எடைக்கேற்ற பென்னி தபால் வந்தபின் இப்படிக் குறுக்கே எழுதும் தேவை குறைந்தது. பழக்கம் மட்டும் சில காலம் நீடித்தது.